ஓய்வுபெறும் ஆசிரியரின் பிரியாவிடை மின்னஞ்சல்

இலங்கையில் அரச பாடசாலை ஆசிரியர் ஒருவர் அறுபது வயது நிறையும்போது ஓய்வு பெறுகிறார். பிறந்தநாள் தவணை முடியும்வரை காத்திருப்பதில்லை. ஜூன் மாதத்து ஒரு புதன்கிழமை, ஐந்தாம் தரப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்காக மாதிரி வினாத்தாள் செய்துகொண்டிருக்கும் நேரத்தில், அவர்களுடைய டீச்சர் இனி வரமாட்டார் என்று ஆகிவிடும். சேவைநலன் பாராட்டு விழா சில கிழமைகள் கழித்து நடக்கலாம். நலன்புரிச் சங்கம் காசு சேர்க்க வேண்டும், அதிபருக்கு நாள் ஒத்துவர வேண்டும், வலயக் கல்விப் பணிமனையிலிருந்து யாராவது வர வேண்டும். கடைசி நாளுக்கும் விழாவுக்கும் இடையே இருக்கும் இந்த வெற்றிடத்துக்குரியதுதான் பிரியாவிடை மின்னஞ்சல்.

விழாவே வாய்க்காதவர்களும் உண்டு. அரச சேவையில் ஓய்வு வயது 2022ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின்படி அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டிலேயே மறுபடி அறுபதாகக் குறைக்கப்பட்டது. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு சேவையை விட்டுப் போனார்கள். அது ஒரு சனிக்கிழமை. பாடசாலையில் மணி அடிக்காத நாள். ஆசிரியர் அறையில் யாரிடமும் சொல்லிக்கொண்டு போக முடியாத நாள். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று நினைத்திருந்தவர்கள் ஒரு சில மாத இடைவெளியில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஓய்வு பெற்ற எவருக்கும் ஒரு நல்ல கடிதத்தின் தேவை என்னவென்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இந்த அத்தியாயத்துக்கு நோர்வூட்டை எடுத்துக்கொள்கிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை இங்கே பிரிந்து ஒரு பக்கம் பொகவந்தலாவைக்கும் மறுபக்கம் மஸ்கெலியாவுக்கும் போகிறது. சுற்றிலும் தேயிலை மலை. இப்பகுதிப் பாடசாலைகளின் ஆசிரியர் அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு எப்படி எழுதுவது என்பது பிடிபடும். தோட்டத்துரையின் பொறுப்பில் ஒற்றை ஆசிரியரோடு நடந்த பாடசாலைகளை அரசாங்கம் 1977இலிருந்து படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்று அறுபதை எட்டுகிறவர்களில் பலர் லயத்தில் பிறந்து அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்தவர்கள். அவர்களுக்கு அடுத்து, கொட்டகலை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று வந்தவர்கள். அதற்கும் அடுத்து, ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் சொற்பக் கொடுப்பனவுக்கு வருடக்கணக்கில் வேலை செய்த பின்னரே ஆசிரியர் சேவைக்குள் எடுக்கப்பட்ட இளையவர்கள். இந்த இளையவர்களில் சிலர், ஓய்வு பெறுகிறவரிடமே படித்தவர்களாக இருப்பார்கள். மலையகப் பாடசாலைகளில் இது அபூர்வமல்ல. ஒரே மின்னஞ்சல் இவர்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் திறக்கும்.

பாராட்டு விழாவின் ஏற்புரையையும் இந்த மின்னஞ்சலையும் ஒன்றாக நினைப்பதால்தான் பெரும்பாலான கடிதங்கள் கெட்டுப்போகின்றன. ஏற்புரையைப் பெற்றோர் கேட்பார்கள், மாணவர் கேட்பார்கள், பொன்னாடை போர்த்தியவர் பக்கத்தில் இருப்பார். அங்கே பொதுவாகப் பேசுவதுதான் முறை. மின்னஞ்சல் போவதோ உங்களோடு ஒரே மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தவர்களுக்கு. நீங்கள் எந்த நாற்காலியில் உட்காருவீர்கள், எந்த வகுப்பிலிருந்து களைத்துப்போய் வருவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் போய் “கல்விப் பணியில் என்னை அர்ப்பணித்த முப்பத்துமூன்று ஆண்டுகள்” என்று தொடங்கினால், தெரிந்தவரிடம் அறிமுகக் கடிதம் நீட்டியது போல ஆகிவிடும்.

ஒரு உதாரணத்தை முழுவதும் செய்து பார்ப்போம். இதற்காக ஒரு ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்கிறேன். நோர்வூட்டிலுள்ள ஒரு பாடசாலையில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறார், இப்போது ஐந்தாம் தரம், ஜூன் 18ஆம் திகதி ஓய்வு. அவருடைய முதல் வரைவு இப்படித் தொடங்கக்கூடும்:

“மதிப்புக்குரிய அதிபர், உப அதிபர், பகுதித் தலைவர்கள், ஆசிரிய ஆசிரியைகள் அனைவருக்கும் எனது பணிவான வணக்கங்கள். எனது இந்த நீண்ட கல்விப் பயணத்தில் எனக்கு ஒத்துழைப்பு நல்கிய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் எனது மனமார்ந்த நன்றிகளைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகின்றேன். எனது சேவைக்காலத்தில் ஏதாவது தவறுகள் இழைத்திருந்தால் பெரிய மனதோடு மன்னிக்குமாறு வேண்டுகின்றேன்.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதை ஓய்வு பெறும் வங்கி முகாமையாளர் அனுப்பலாம், கிராம உத்தியோகத்தர் அனுப்பலாம். ஒரு சொல்லையும் மாற்றத் தேவையில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி இதுதான்: கடிதத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டு, பக்கத்து மேசை ஆசிரியரிடம் காட்டினால் இது யாருடையது என்று சொல்வாரா? சொல்ல மாட்டார் என்றால் கடிதத்தில் நீங்கள் இல்லை.

மன்னிப்பு வரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் விடைபெறும்போது அப்படிக் கேட்பது பண்பு. நேரில் கேட்கும்போது அது நெஞ்சைத் தொடும். எல்லோருக்கும் பொதுவாக எழுதினால் வெறும் சம்பிரதாயமாகிவிடும். உண்மையில் ஒருவரிடம் மனத்தாங்கல் இருந்தால் கடைசிக் கிழமையில் அவருடைய மேசைக்குப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அந்தக் காரியத்தை மின்னஞ்சலில் விட வேண்டாம்.

நன்றிப் பட்டியலும் ஒரு பொறி. ஏழு பேரின் பெயரை எழுதினால் எட்டாவது ஆள் தன் பெயரைத் தேடுவார். நாற்பது பேர் உள்ள ஆசிரியர் குழாமில் எல்லோரையும் எழுத முடியாது. அதனால் பெயர்களை விட்டுவிட்டுச் செயலைச் சொல்லுங்கள். நோர்வூட்டில் மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காலை பஸ் பிந்தும். பிந்தி வருகிறவரின் வகுப்பில் யாரோ ஒருவர் சொல்லாமலே போய் நிற்பார். அதைச் சொன்னால், அப்படி நின்ற ஒவ்வொருவரும் தம்மைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார். நிற்காதவருக்கும் வருத்தம் இருக்காது.

ஞாபகம் ஒன்றே ஒன்று போதும். அது வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். பழைய தோட்டப் பாடசாலைக் கட்டடங்களில் வகுப்புகளுக்கு இடையே சுவர் கிடையாது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் வாய்ப்பாடு சொன்னால் மறு மூலையில் தமிழ் வாசிப்பு குழம்பும். அந்த இரைச்சலில் கற்பித்தவர்கள் ஒரு உத்தியைக் கற்றுக்கொண்டார்கள்: குரலை உயர்த்துவதற்குப் பதிலாகத் தாழ்த்துவது. டீச்சர் மெதுவாகப் பேசினால் பிள்ளைகள் கேட்பதற்காக அமைதியாவார்கள். இப்படியான ஒன்றைச் சொன்னால் இளைய ஆசிரியருக்கு ஒரு பாடமும் கிடைக்கிறது, எழுதியவர் யார் என்பதும் தெரிகிறது. முப்பது வருடத்தையும் சொல்ல முயன்றால் எதுவும் மனதில் நிற்காது.

கசப்புகளை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காத இடமாற்றம், பிந்திய பதவி உயர்வு, நிலுவைச் சம்பளம் ஆகியவை நியாயமான குறைகள். அவற்றுக்கு வலயக் கல்விப் பணிமனையும் ஆசிரியர் சங்கமும் இருக்கின்றன. அங்கே திகதி, கடித இலக்கம் எல்லாம் போட்டு உறுதியாக எழுதுங்கள். விடைபெறும் மின்னஞ்சலில் வந்தால் படிப்பவர்களால் அதைத் தீர்க்கவும் முடியாது, மறக்கவும் முடியாது. ஆனால் சேர்ந்து நின்ற போராட்டம் வேறு விஷயம். 2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். அதில் உங்கள் ஆசிரியர் அறை ஒன்றாக நின்றிருந்தால் ஒரு வாக்கியத்தில் நினைவுகூரலாம். ஒன்றாக நிற்காமல் பிரிந்திருந்தால் அந்த வாக்கியத்தையும் விடுங்கள்.

இனி, நீ–நீங்கள் விவகாரம். உங்களிடம் படித்த பிள்ளை இன்று பக்கத்து வகுப்பில் கற்பிக்கிறது. தனியாக இருக்கும்போது “என்னடா தம்பி” என்பீர்கள், அதில் அன்பு இருக்கிறது. எல்லோரும் படிக்கும் கடிதத்தில் அவரும் உங்கள் சக ஆசிரியர். ‘நீங்கள்’ என்பதுதான் வர வேண்டும். அவருடைய மாணவர்களின் பெற்றோர் சிலரும் அந்தக் கடிதத்தை எப்படியோ பார்த்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதிபரை முதலில் விளித்துவிட்டு மற்றவர்களை ஒன்றாக விளித்தால் போதும். உப அதிபர், பகுதித் தலைவர் என்று படிப்படியாக இறங்கினால் அது கூட்ட அறிவித்தலாகிவிடும். ஆசிரியர் அறையில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருப்பதால் வாழ்த்தை எல்லோரும் தமக்கென ஏற்கக்கூடிய சொற்களில் வையுங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்துத் திருத்திய பின் அந்த ஆசிரியையின் மின்னஞ்சல் இப்படி வரும்:

பொருள்: ஜூன் 18 முதல் ஓய்வு – விடைபெறுகிறேன்

அதிபர் அவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நாளை ஜூன் 18ஆம் திகதி நான் சேவையிலிருந்து ஓய்வு பெறுகிறேன்.

நான் இங்கே வந்தபோது ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் இருந்தன. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். அந்த இரைச்சலில் கத்தாமல் கற்பிக்க, குரலைத் தாழ்த்திப் பேசச் சொல்லித் தந்தவர்கள் அன்றைய மூத்த ஆசிரியர்கள். இன்றுவரை அப்படித்தான் பேசுகிறேன்.

மழை நாட்களில் பஸ் பிந்தியபோது நான் வரும்வரை என் வகுப்பில் நின்றவர்களுக்கு நன்றி. ஒருவரையும் நான் மறக்கவில்லை.

வாசிப்பு அட்டைகள் ஐந்தாம் தர அலுமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைப் பற்றிய குறிப்பை வகுப்பைப் பொறுப்பேற்பவரிடம் கொடுத்துவிட்டேன். எழுத்தைக் கூட்டி வாசிக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

என்னிடம் படித்து இன்று என்னோடு கற்பிப்பவர்களுக்கு ஒரு சொல்: உங்களை ‘சேர்’, ‘டீச்சர்’ என்று கூப்பிடக் கிடைத்தது எனக்குப் பெரும் பேறு.

நான் நோர்வூட்டில்தான் இருப்பேன். இதே முகவரிக்கு எழுதலாம். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
(பெயர்)
ஆரம்பப் பிரிவு

தொலைபேசியில் இரண்டு தரம் விரலால் தள்ளினால் படித்து முடிந்துவிடும்; இடைவேளைக்கு அந்த அளவுதான் பொறுக்கும். ஓய்வு பெறும் செய்தி விளிப்புக்கு அடுத்த முதல் வரியிலேயே வருகிறது. திகதியை ஓய்வு அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். கடைசியாகக் கையொப்பமிடும் நாளையும் ஓய்வுத் திகதியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அலுமாரித் தட்டைப் பற்றிய வரி சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். என் பார்வையில் இந்தக் கடிதத்தின் உயிரே அதுதான். போகிறவரின் மனம் இன்னும் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதை அன்பு என்ற சொல்லைப் போடாமலே அது காட்டிவிடுகிறது. ஆனால் பிள்ளைகளின் பெயர்கள் அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் வாசிக்கத் தடுமாறுகிறார் என்பது எல்லோருக்கும் அனுப்பும் கடிதத்தில் வரக்கூடாது. அது கைக்குறிப்பாகவே போக வேண்டும். இடாப்பு, பொருட்பதிவேடு, திறப்பு ஆகியவற்றை ஒப்படைத்த விபரமும் அதிபருக்கு எழுத்தில் தனியே கொடுக்கப்பட வேண்டியது. அதை இந்தக் கடிதத்தில் கலக்க வேண்டாம்.

அடிக்கடி பாடசாலைக்கு வந்து உதவுவேன் என்ற வாக்குறுதி இதில் இல்லை. பென்ஷன் அலுவல், வைத்தியம், பேரப்பிள்ளைகள் என்று காலம் போய்விடும். மேலும் வகுப்பைப் பொறுப்பேற்ற இளையவருக்கு, பழைய டீச்சர் வாசலில் வந்து நிற்பார் என்ற எண்ணம் பாரமாக இருக்கும். எங்கே இருப்பேன், எப்படித் தொடர்புகொள்ளலாம் என்பதோடு நிறுத்துவது இருவருக்கும் நல்லது.

எழுதிய கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்வதில் நம் பாடசாலைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வினாத்தாள்களையும் கடிதங்களையும் பாமினி எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் அதே கோப்பிலிருந்து வெட்டி மின்னஞ்சலில் ஒட்டுகிறார்கள். அனுப்புகிறவரின் கணினியில் அழகான தமிழாகத் தெரியும். பெறுகிறவரின் தொலைபேசியிலோ ‘வணக்கம்’ இப்படி நிற்கும்:

```
tzf;fk;
```

பாமினி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருப்பதுதான் காரணம். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளியே வரும். அதனால் கடிதத்தை யுனிகோடில் தட்டுங்கள். தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையில் எழுதினால் அது தானாகவே யுனிகோடுதான். பாமினியில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள் என்றால் யுனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன; மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், எழுத்துப் பிழைகள் ஒன்றிரண்டு புகுந்திருக்கும். எல்லோருக்கும் அனுப்பும் முன் உங்களுக்கே அனுப்பி, கணினியில் இல்லாமல் தொலைபேசியில் திறந்து பார்ப்பது நல்லது.

உங்கள் சொந்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். பாடசாலையின் பொது முகவரியிலிருந்து அனுப்பினால் பதில்கள் அங்கே போய்ச் சேரும். கடவுச்சொல்லை ஒப்படைத்த பிறகு அவற்றை நீங்கள் பார்க்க முடியாது. பெறுபவர் முகவரிகளை Bcc என்ற கட்டத்தில் இட்டால் ஒருவருடைய பதில் நாற்பது பேருக்கும் போகாது. தனிப்பட எழுத விரும்புகிறவர் கூச்சமின்றி எழுதுவார். படங்களை இணைக்காதீர்கள். மலைச்சரிவுகளில் சமிக்ஞை இடத்துக்கு இடம் மாறும்; கனமான கடிதம் சிலருக்குத் திறக்காமலே கிடக்கும். விழாப் படங்களைப் பிறகு தனியே பகிரலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கடைசிப் பாடசாலை நாளின் மாலைதான் சரி. காலையில் அனுப்பினால் உங்கள் முன்னாலேயே படிப்பார்கள், எல்லோருக்கும் சங்கடம். பல நாள் கழித்து அனுப்பினால் உங்கள் நேரசூசி ஏற்கெனவே பங்கிடப்பட்டிருக்கும், கடிதம் பிந்திய செய்தியாகிவிடும். ஜிமெயிலில் முன்கூட்டியே எழுதி நேரம் குறித்து வைக்கும் வசதி உண்டு. கடைசி நாளின் களைப்பிலும் நெகிழ்ச்சியிலும் புதிதாக எழுதுவதைவிட, ஒரு கிழமைக்கு முன் அமைதியாக எழுதி வைப்பது நல்லது.

இடமாற்றம் பெற்றுப் போன பழைய சக ஆசிரியர்களுக்கு இதே கடிதத்தை அனுப்ப வேண்டாம். அலுமாரியும் வகுப்பும் அவர்களுக்குத் தேவையில்லை. அவர்களோடு சேர்ந்து வேலை செய்த காலத்தின் ஒரு வரியை வைத்துச் சிறியதாகத் தனியே எழுதுங்கள். மின்னஞ்சல் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள்: காலையில் கேட்டைத் திறப்பவர், மதிய உணவு சமைத்துக் கொடுக்கும் தாய்மார். இவர்களுக்கு மின்னஞ்சலும் வேண்டாம், அதை அச்சிட்டு ஒட்டுவதும் வேண்டாம். கடைசி நாள் மணி அடிப்பதற்கு முன்னர் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ச் சொல்லிக்கொண்டு வாருங்கள்.

பதில்கள் இரண்டு மூன்று நாட்களில் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நன்றியை ஒட்டி அனுப்பாமல், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். இந்த வரியில் பெயர் சொல்லலாம், ‘தம்பி’, ‘தங்கச்சி’ என்று கூப்பிடலாம், மழையில் வகுப்பில் நின்றது எந்த நாள் என்றுகூட எழுதலாம். பொதுக் கடிதத்தில் இடமில்லாமல் விட்டதெல்லாம் இங்கே வரட்டும்.